வெட்டுப்பட்ட ‘வேண்டாம்’: தோல் ஊறலை நிறுத்தச் சொன்ன ஒரு மின்னஞ்சலின் கதை

வட ஆற்காட்டுப் பக்கத்தில் ஒரு பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகும் அங்கே பெரியவர்கள் தங்கள் ஊரை ‘வட ஆற்காடு’ என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். சுற்றியுள்ள தோல் பதனிடும் தொழிற்சாலைகள் முப்பதுக்கும் மேல் அதில் உறுப்பினர்கள். அவற்றின் கழிவுநீர் நிலத்தடிக் குழாய் வழியே வந்து முதலில் ஒரு பெரிய சமன்படுத்தும் தொட்டியில் சேரும். அங்கிருந்துதான் சுத்திகரிப்பு தொடங்கும். நிலையத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இங்கே தேவையில்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மின்னஞ்சலின் வாசகங்களில் மட்டும் கை வைக்கவில்லை, ஏனென்றால் இந்த ஆய்வே அவற்றைப் பற்றியது.

ஜூன் 14, சனிக்கிழமை. தொட்டிக்கு நீரை ஏற்றும் பம்புகளைக் கழற்றி மாட்ட, சென்னையிலிருந்து ஒரு குழு அதிகாலை ரயிலில் காட்பாடியில் வந்து இறங்கியது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பம்பு ஓடாது, உறுப்பினர்கள் நீர் அனுப்பக்கூடாது என்பது திட்டம். காலை ஏழு மணிக்குள் ஒன்பது தொழிற்சாலைகளிலிருந்து மேலாளருக்கு அழைப்பு வந்துவிட்டது. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “சார், சுண்ணாம்பில் தோல் கிடக்கிறது. இன்று எடுத்தே ஆக வேண்டும். நீர் வரும்.”

வேறு வழியில்லாமல் ஒரு பம்பை மட்டும் ஓட்டினார்கள். மதியத்துக்குள் தொட்டி விளிம்பை நெருங்கியது. வேலையைப் பாதியில் நிறுத்தி, கழற்றியதை மறுபடியும் மாட்டிவிட்டு, அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு குழு திரும்பிப் போனது. நீர் எங்கும் வழியவில்லை, அந்த மட்டில் நிம்மதி. தோல் ஆலைகளின் கழிவு குறித்த வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, ‘கொஞ்சம் ஓடையில் விட்டுச் சமாளிப்போம்’ என்ற பேச்சுக்கு இந்த வட்டாரத்தில் இடமில்லை. பாலாறு பட்டது போதும்.

அடுத்த வாரம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நிறுவனங்களின் கடிதப் போக்குவரத்தைச் சீர்செய்து கொடுப்பது என் தொழில். அவருடைய கோபம் உறுப்பினர்கள் மேல் இருந்தது. “புதன்கிழமையே மெயில் போட்டேன் சார். தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.”

அவர் அனுப்பிய மின்னஞ்சல் இது. ஜூன் 11, புதன், மாலை 4.40. பொருள் வரி:

“முக்கிய அறிவிப்பு – பராமரிப்புப் பணி தொடர்பாக”

தொடக்க வாக்கியம்:

“மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது நிலையத்தின் செயல்பாட்டை மேலும் செம்மைப்படுத்தும் பொருட்டு, சென்ற நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவின்படி, எதிர்வரும் 14.06 சனிக்கிழமை காலை 6 மணி முதல் 16.06 திங்கட்கிழமை காலை 6 மணி வரை பிரதான பம்புகளில் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதால், உறுப்பினர்கள் அதற்கேற்ப ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இது மோசமான தமிழ் இல்லை. அரசு அலுவலகக் கடிதத்தில் ‘பொருள்’, ‘பார்வை’ எழுதிப் பழகிய கை. காகிதக் கடிதத்தில் ‘தொடர்பாக’ என்று முடித்தால் போதும், அதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று எழுத்தருக்குத் தெரிந்துவிடும். அந்த வரியின் வேலையே அதுதான். மின்னஞ்சலின் பொருள் வரிக்கு வேறு வேலை. திறப்பதா, பிறகு பார்ப்பதா என்று கைப்பேசித் திரையைப் பார்த்த ஒரு நொடியில் ஒருவர் முடிவு செய்வதற்கு உதவுவது அது.

அந்த ஒரு நொடியில் என்ன தெரிந்தது என்று பார்க்க, ஓர் உறுப்பினர் அலுவலகத்தின் கணக்கரிடம் அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். பொருள் வரி ‘முக்கிய அறிவிப்பு – பராமரி…’ என்று நின்றது. அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி வருமே, உள்ளே இருக்கும் கடிதத்தின் தொடக்கம், அதில் ‘மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் அனைவருக்கும் வண…’ என்று இருந்தது. தேதி இல்லை, செய்ய வேண்டியது என்ன என்பதும் இல்லை. நிலையத்திலிருந்து வரும் எல்லா மின்னஞ்சலும் ‘முக்கிய அறிவிப்பு’ என்றுதான் வரும் என்றார் அவர். தீபாவளி வாழ்த்தும் அப்படித்தான் வந்ததாம்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு நினைவூட்டலும் போயிருந்தது. அது இன்னும் வேடிக்கை. எல்லா முகவரிகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதால் அலுவலகத்துப் பையன் மே மாதக் கட்டண நிலுவை மின்னஞ்சலைத் திறந்து, ‘அனைவருக்கும் பதில்’ அழுத்தி, அதற்குள் பம்பு செய்தியை எழுதிவிட்டான். பொருள் வரி ‘Re: மே மாதக் கட்டண நிலுவை’ என்றே இருந்தது. கட்டணம் கட்டிவிட்டவர்கள் அதை ஏன் திறக்கப் போகிறார்கள்? இதற்கு மருந்து எளிது: புதுச் செய்திக்குப் புது மின்னஞ்சல். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கலின் ஆழம் வேறு இடத்தில் இருந்தது. ‘அதற்கேற்ப ஒத்துழைப்பு’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டேன். “நீர் விடக்கூடாது, அவ்வளவுதானே?” என்றார். சரி என்று பொருள் வரியை நானே உடனே மாற்றி எழுதிக் காட்டினேன்:

“ஜூன் 14, 15 பம்பு ஓடாது, நீர் அனுப்பாதீர்கள்”

சுருக்கம், தெளிவு, தேதி எல்லாம் இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலை மேஸ்திரியிடம் போனேன். முப்பது வருடம் சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்திலேயே கழித்தவர். காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, இதை வெள்ளிக்கிழமை எனக்குக் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? தோல் உள்ளே போய்விட்டதே.”

அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் திருத்தம் முழுவதும் இதிலிருந்துதான் வந்தது. அவர்களிடம் வருவது உப்புப் போட்ட ஆட்டுத்தோல். உப்பில் கிடக்கும்வரை அது காத்திருக்கும். சாயங்காலம் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். உப்பு இறங்கி நனைந்ததும் அழுகல் கிருமிக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி, அதன் பிறகு தோல் காத்திருக்காது. மறுநாள் காலை சுண்ணாம்புக்குப் போகும். அங்கே இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலை வெளியே எடுத்து, சவ்வு நீக்கி, கழுவி, சுண்ணாம்பை இறக்கி, உப்பும் அமிலமும் கலந்த கரைசலில் போட்டுவிட்டால் மறுபடியும் நிம்மதி, பல நாள் தாங்கும். நடுவில் நிறுத்த முடியாது. சுண்ணாம்பில் கூடுதலாகக் கிடந்தால் தோல் ஊதி, மேல்பரப்பு கெட்டுப்போகும். ஊறலின் உப்புத் தண்ணீர் அவரவர் ஆவியாக்கும் பாத்திக்குப் போகிறது, நிலையத்துக்கு வருவதில்லை. சுண்ணாம்பிலிருந்து எடுத்துக் கழுவுகிற அன்றுதான் குழாயில் நீர் பாயும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். புதன் மாலை ஊறப்போட்ட தோல் வியாழன் காலை சுண்ணாம்பில் இறங்கும், சனி காலை வெளியே வரும். வியாழன் மாலை போட்டது ஞாயிறு வரும். வெள்ளி மாலை போட்டதைத் திங்கள் காலையில் எடுக்க வேண்டும். திங்கள் ஆறு மணிக்குப் பம்பு ஓடிவிட்டால் சரி, வேலை ஒரு மணி நேரம் இழுத்தாலும் இடிக்கும். ஆக, சனி ஞாயிறு நீரை நிறுத்த வேண்டுமானால் மேஸ்திரி கையில் இருக்கும் ஒரே பிடி புதன், வியாழன், வெள்ளி மாலைகளில் ஊறப்போடாமல் இருப்பதுதான். சனி மாலை அவர் தாராளமாக ஊறப்போடலாம், அந்தத் தோல் செவ்வாய்க்கிழமைதான் வெளியே வரும்.

நிலையத்துக்கு நிறுத்தம் சனி, ஞாயிறு. படிப்பவருக்கு நிறுத்தம் புதன், வியாழன், வெள்ளி. இரண்டுக்கும் ஒரு நாள்கூடப் பொது இல்லை. மேலாளர் தன் நாட்காட்டியைப் பார்த்து எழுதியிருந்தார். நானும் அதையே சுருக்கி, அழகாக்கிக் கொடுத்திருந்தேன். புதன் மாலை 4.40-க்கு அந்த மின்னஞ்சலைத் திறந்து கடைசி எழுத்துவரை படித்தவர்கூட, ‘சனிக்கிழமைதானே’ என்று நினைத்து அன்று மாலை ஊறப்போட்டிருப்பார். அப்படிப் படித்தவர்கள் இருவர் அந்த ஒன்பது பேரில் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. யாரும் படிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு அங்கே அடங்கிப்போனது.

வேலை ஜூலை 5, 6 தேதிகளுக்குத் தள்ளிப்போயிருந்தது. நிறுத்த வேண்டிய ஊறல் ஜூலை 2, 3, 4. மின்னஞ்சல் ஜூன் 30 திங்கள் காலையே போக வேண்டும் என்பது முதலில் முடிவானது. செவ்வாய் போட்டாலும் பிழைத்துவிடும், ஆனால் ஒருவர் விடுப்பில் இருந்தால் ஒரு நாள் கையில் இருக்க வேண்டும்.

அடுத்த வரைவை மேலாளரே எழுதினார்:

“ஜூலை 2 முதல் 4 வரை தோல் ஊறப்போட வேண்டாம்”

கேட்க நன்றாக இருக்கிறது. வாயால் சொன்னால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. என் போனுக்கே அதை அனுப்பச் சொன்னேன். திரையில் வந்தது இப்படி:

“ஜூலை 2 முதல் 4 வரை தோல் ஊறப்போட…”

மேலாளர் என் போனை வாங்கி ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘வேண்டாம்’ திரைக்கு வெளியே விழுந்துவிட்டது. மிச்சம் இருப்பது எச்சரிக்கையா, அனுமதியா? ‘ஊறப்போடலாம்’ என்றும் அதை முடிக்கலாம். நிலையம் ஏதோ மூன்று நாள் சலுகை தருகிறது என்றுகூட ஒருவர் நினைக்கக்கூடும்.

இது நம் மொழியின் அமைப்போடு வந்த சங்கடம். தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பு அந்த வினைக்கும் கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. செய்யலாம், செய்யக்கூடாது, செய்ய வேண்டும், செய்ய வேண்டாம் எல்லாவற்றுக்கும் முக்கால்வாசி வாக்கியம் ஒன்றே, கடைசிச் சொல்தான் திசை சொல்லும். கேட்பவர் வாக்கியம் முடியும்வரை காத்திருப்பார், கைப்பேசித் திரை காத்திருக்காது. நம் எழுத்துகள் அகலமானவை என்பதால் திரை இன்னும் சீக்கிரம் வெட்டுகிறது. ‘ணை’, ‘ஞௌ’ போன்றவை இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளின் இடத்தை ஒன்றே எடுத்துக்கொள்கின்றன. ஐந்து சொற்களுக்கு மேல் நம்பி எழுதக்கூடாது என்பது பல போன்களில் பார்த்து நான் வைத்துக்கொண்ட கணக்கு.

வினையை முன்னால் கொண்டுவந்தால்? ‘ஊறப்போடாதீர்கள், ஜூலை 2 முதல்’ என்று முயன்றோம். மேலாளர் முகம் சுளித்தார். “தலைவர் உட்பட எல்லோரும் முதலாளிகள் சார். பாய்மார்கள் முன்னால் நான் உட்காரவே யோசிப்பேன். அவர்களுக்கு ‘செய்யாதீர்கள்’ என்று உத்தரவு போடுவதா?” அவர் சொன்னது நியாயம். ‘ஒத்துழைப்பு நல்குமாறு’ என்ற சுற்றுவழி அவர் கையில் வந்ததற்குக் காரணமே அந்தத் தயக்கம்தான்.

இரண்டு சிக்கலையும் ஒரு பெயர்ச்சொல் தீர்த்தது. மறுப்பை வினையிலிருந்து எடுத்துப் பெயராக்கி வரியின் தலையில் வைத்தோம்:

“ஊறல் நிறுத்தம்: ஜூலை 2, 3, 4 (புதன், வியாழன், வெள்ளி)”

எங்கே வெட்டினாலும் பொருள் தலைகீழாகாது. ‘ஊறல் நிறுத்தம்: ஜூ…’ என்று நின்றாலும் மேஸ்திரிக்கு வேர்த்துவிடும், திறந்து பார்ப்பார். யாரும் யாருக்கும் உத்தரவு போடவும் இல்லை, மின் நிறுத்தம் என்று வாரியம் அறிவிப்பது போல ஒரு செய்திதான் இது. ‘வரை’ என்ற சொல்லையும் வேண்டுமென்றேதான் விட்டோம். ‘4 வரை’ என்றால் நான்காம் தேதி சேர்த்தியா இல்லையா என்று இருவரிடம் கேட்டேன், இரண்டு பதில் வந்தது. மூன்று நாளையும் எண்ணி எழுதிவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

அடுத்தது தொடக்க வாக்கியம். இங்கே பலரும் செய்கிற தவறு, பொருள் வரியையே நீட்டி மறுபடியும் எழுதுவது. ‘ஜூலை 2, 3, 4 ஆகிய தேதிகளில் ஊறல் நிறுத்தம் கடைப்பிடிக்கப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று எழுதினால், சாம்பல் வரியில் கிடைக்கும் நாலு சொல்லும் வீண். பொருள் வரியைப் படித்ததும் மேஸ்திரி மனத்தில் எழுகிற கேள்வி ‘ஏன்?’ என்பது. அதற்கு அடுத்தது ‘எப்போது மறுபடி போடலாம்?’ தொடக்கம் அந்தக் கேள்விகளுக்குப் பதிலாக இருந்தால் போதும். இறுதியில் இப்படி நின்றது:

“வணக்கம். சனி, ஞாயிறு (ஜூலை 5, 6) நம் பம்புகள் ஓடாது. புதன், வியாழன், வெள்ளி ஊறப்போடும் தோல் அந்த நாட்களை ஒட்டித்தான் சுண்ணாம்பிலிருந்து வெளியே வரும். சனி மாலை முதல் வழக்கம்போல் ஊறப்போடலாம். ஏற்கெனவே ஊறப்போட்டுவிட்டவர்கள் இன்றே எங்களைப் போனில் அழையுங்கள்.”

‘மதிப்பிற்குரிய’ போனதில் மேலாளருக்கு வருத்தம் இருந்தது. அதைக் கடிதத்தின் முடிவுக்கு அனுப்பினோம், ‘என்றும் தங்கள் மதிப்புக்குரிய ஒத்துழைப்பை நாடும்’ என்று கையெழுத்துக்கு மேல் போய் உட்கார்ந்துகொண்டது. நிர்வாகக் குழு முடிவு, குழுவின் விவரம், பம்பின் திறன் எல்லாம் கீழே ஒரு பத்தியாக இறங்கின. பழைய வாக்கியத்தில் ‘பொருட்டு’, ‘முடிவின்படி’, ‘மேற்கொள்ளப்படவிருப்பதால்’ என்று மூன்று படி ஏறிய பிறகுதான் வேண்டுகோள் வந்தது. நாம் எச்சத்தை அடுக்கிக்கொண்டே போகலாம், மொழி தடுக்காது. படிப்பவர்தான் இரண்டாம் படியிலேயே இறங்கிப் போய்விடுவார்.

அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு சோதனை வைத்தோம். மின்னஞ்சலைத் திறப்பவர் கணக்கர், தோலைத் தொடுபவர் மேஸ்திரி. நடுவில் இருப்பது ஒரு போன் பேச்சு. ஆகவே ஒரு கணக்கரைக் கூப்பிட்டு, பொருள் வரியையும் முதல் வாக்கியத்தையும் மட்டும் மேஸ்திரிக்குப் போனில் வாசிக்கச் சொன்னோம். அவர் வாசித்து முடிப்பதற்குள் மறுமுனையில், “சரி, செவ்வாய் சாயங்காலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்” என்று பதில் வந்தது. செவ்வாய் என்ற சொல்லே மின்னஞ்சலில் இல்லை. அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

ஜூலை 5 காலை குழு வந்தது, பம்பு கழன்றது. பச்சைத் தோலிலிருந்து தொடங்குகிற தொழிற்சாலைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் ஊறலை நிறுத்தியிருந்தன. அந்த ஒன்றில் கணக்கர் ஊருக்குப் போயிருந்தார், மின்னஞ்சல் திறக்கப்படவே இல்லை. அதற்குப் பொருள் வரியால் ஒன்றும் செய்ய முடியாது, ஒவ்வொரு இடத்திலும் இரண்டாவது முகவரி ஒன்று வேண்டும்.

ஆனால் நாங்கள் எதிர்பார்க்காத நான்கு அழைப்புகள் வந்தன. அவர்கள் ‘வெட் ப்ளூ’ வாங்கி, சாயமேற்றி, மெருகேற்றி அனுப்புகிறவர்கள். குரோமில் பதனாகி நீலம் பாய்ந்த அந்தத் தோலுக்கு ஊறலும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. ஆனால் டிரம்மில் கழுவுகிற நீரும் சாய நீரும் உண்டு, அது அன்றைக்கன்றே குழாய்க்கு வரும். ஒருவர் அமைதியாகச் சொன்னார்: “ஊறல் நிறுத்தம் என்று பார்த்தேன் சார். நமக்கு இல்லை என்று விட்டுவிட்டேன்.” பொருள் வரி தன் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தது, யாருக்கு வேண்டுமோ அவரைத் திறக்க வைத்தது, வேண்டாதவர் என்று அவர்களே நினைத்துக்கொண்டவர்களை விலக்கிவிட்டது. நால்வரிடமும் ஒரு நாளைக்குத் தாங்குகிற சேமிப்புத் தொட்டி இருந்ததால் டிரம்மை நிறுத்தச் சொல்லிச் சமாளித்தார்கள். பழைய ‘முக்கிய அறிவிப்பு’ என்றால் இந்த நால்வரும் திறந்திருப்பார்களா என்று மேலாளர் கேட்டார். தெரியவில்லை என்றேன், ஆனால் திறந்திருந்தால் ‘நீர் விடக்கூடாது’ என்பது அவர்களுக்குச் சரியான செய்தியாகத்தான் இருந்திருக்கும். மேஸ்திரி சிரித்த அந்த என் வரி இவர்களுக்குப் பொருந்தியிருக்கும்.

இப்போது நிலையத்தில் முகவரிப் பட்டியல் இரண்டு. பச்சைத் தோல்காரர்களுக்கு ‘ஊறல் நிறுத்தம்’ ஐந்து நாள் முன்னதாகப் போகிறது. வெட் ப்ளூகாரர்களுக்கு வியாழக்கிழமை இன்னொன்று போகிறது: “கழிவுநீர் நிறுத்தம்: சனி, ஞாயிறு”. இரண்டு வேலையும் செய்கிற மூன்று தொழிற்சாலைகள் உண்டு, அவற்றின் முகவரி இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. ஒரே விஷயத்துக்கு எதற்கு இரண்டு மெயில் என்று அவர்களில் ஒருவர் கேட்டிருக்கிறார். மேலாளர் அவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. பொருள் வரி யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.